ராமானுஜனின் 289-ம் கேள்வி: விடை 3 ஏன், 4 ஏன் அல்ல?

1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில், வாசகர்கள் விடை கண்டு அனுப்பும் பகுதியில், 289 என்று எண்ணிட்ட ஒரு கேள்வி வெளிவந்தது. கேட்டவர் ராமானுஜன். அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேற இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. கேள்வி ஒரே வரிதான். கீழே உள்ளதன் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவே இல்லாமல் உள்ளே போகிறது. யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே விடை எழுதினார்: 3.

அவர் சொன்ன வழி பள்ளிக்கூட இயற்கணிதம்தான். n(n+2) + 1 என்பது (n+1)² அல்லவா? ஆகவே n+1 = √(1 + n(n+2)). இதில் n = 2 என்று வைத்தால் 3 = √(1 + 2×4). இங்கே வரும் 4-ஐ அதே வழியில் √(1 + 3×5) என்று எழுதலாம். அதில் வரும் 5-ஐ √(1 + 4×6) என்று எழுதலாம். இப்படி உள்ளே இருக்கும் எண்ணை விரித்துக்கொண்டே போனால் கேள்வியில் உள்ள வடிவம் அப்படியே வந்துவிடுகிறது. தொடங்கியது 3, ஆகவே விடை 3.

அழகான வழி. ஆனால் இதே வழியில் நான் 4 என்று தொடங்கினால் என்ன ஆகும்? 16 = 1 + 2×7.5. ஆகவே 4 = √(1 + 2×7.5). அடுத்து 7.5-ன் வர்க்கம் 56.25. அது 1 + 3×18.41… ஆகவே 7.5 = √(1 + 3×18.41…). அந்த 18.41…-ஐயும் √(1 + 4×84.54…) என்று விரிக்கலாம். முழு எண்கள் வரவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு படியும் சரியான சமன்பாடு. முடிவில்லாமல் விரித்தால் கிடைப்பதும் ராமானுஜனின் அதே வடிவம். அப்படியானால் விடை 4 என்றும் சொல்லலாமா? 5, 100 என்று எதில் தொடங்கினாலும் இதே கதைதானே?

விடை 3 என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 3-ஐ ஏற்று 4-ஐத் தள்ள, விரித்துக் காட்டுவது மட்டும் போதாது. முடிவில்லாத அந்த வடிவத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறதா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். அதைத் தீர்க்கும் தேற்றம் சிறியது. ஒரே திசையில் போகிற, ஒரு வரம்பைத் தாண்டாத எந்த மெய்யெண் தொடர்வரிசையும் ஓர் எண்ணை நோக்கி ஒருங்கியே தீரும்.

முடிவில்லாத வடிவத்தை நேரடியாக யாரும் கணக்கிட முடியாது. நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். ஓரிடத்தில் வெட்டிவிட்டு, வெட்டிய வரைக்கும் கணக்கிடுவது; பிறகு இன்னும் ஒரு படி உள்ளே போய் வெட்டுவது. முதல் 1-லேயே நிறுத்தினால் √1 = 1. அடுத்து √(1 + 2) = 1.732. அடுத்து √(1 + 2√(1 + 3)) = 2.236. தொடர்ந்தால் 2.560, 2.755, 2.867 என்று வரும். இந்த எண் வரிசை எதை நெருங்குகிறதோ அதைத்தான் அந்த வடிவத்தின் மதிப்பு என்கிறோம். வேறு பொருள் அதற்கு இல்லை.

இந்த வரிசையைப் பற்றி இரண்டு விஷயங்களைக் கணக்குப் போடாமலே சொல்லிவிடலாம். ஒன்று, இது ஏறிக்கொண்டே போகும். ஒரு படி கூடுதலாக உள்ளே போகும்போது, கடைசியில் 1 இருந்த இடத்தில் 1-ஐ விடப் பெரிய ஒரு வர்க்கமூலம் வந்து உட்காருகிறது. உள்ளே இருப்பது கூடினால் வெளியே வருவதும் கூடும். இரண்டாவது, இது 3-ஐத் தாண்டாது. ராமானுஜனின் சரியான சமன்பாட்டில் கடைசி இடத்தில் 4, 5, 6 போன்ற ஒரு முழு எண் இருக்கும். நாம் வெட்டும்போது அந்த இடத்தில் வெறும் 1-ஐ வைக்கிறோம். சிறியதை வைத்தால் சிறியதுதான் வரும்.

ஏறுகிறது, ஆனால் 3-ஐத் தாண்டவில்லை. அப்படியென்றால் எங்கோ ஓரிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்று மனம் உடனே சொல்லும். 1858-ல் சூரிக் நகரின் பாலிடெக்னிக்கில் நுண்கணிதம் நடத்திக்கொண்டிருந்த ரிச்சர்டு டெடிகிண்டுக்கும் மனம் அதைத்தான் சொன்னது. அது அவருக்குப் போதவில்லை. ஏறிக்கொண்டே இருந்தும் எல்லா வரம்பையும் தாண்டிவிடாத ஒரு அளவு ஓர் எல்லை மதிப்பை நெருங்கும் என்ற இந்தத் தேற்றத்தை நடத்தும்போது, கோடு போட்டுக் காட்டி, கண்ணுக்குத் தெரிகிறதல்லவா என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்தது அவரை உறுத்தியது. எண்களைப் பற்றிய உண்மையை எண்களைக் கொண்டே நிறுவ வேண்டும் என்று முனைந்தார். அதே ஆண்டு நவம்பர் 24-ல் வழி கிடைத்தது என்று தேதி போட்டே எழுதியிருக்கிறார். 1872-ல் அது சிறு நூலாக வந்தது. மெய்யெண் என்றால் என்ன என்பதற்கு இன்று கல்லூரிகளில் நடத்தும் விளக்கங்களில் ஒன்று அதிலிருந்து வந்ததுதான்.

தேற்றம் ஏன் உண்மை என்பதைப் பதின்ம இலக்கங்களைக் கொண்டு பார்க்கலாம். நம் வரிசையையே எடுத்துக்கொள்வோம்: 1, 1.732, 2.236, 2.560, 2.755, 2.867, … புள்ளிக்கு முன்னால் உள்ள முழு எண்ணை மட்டும் கவனியுங்கள். வரிசை ஏறுவதால் அது இறங்க முடியாது. வரம்பு இருப்பதால் அது ஏறக்கூடிய இடங்களும் சிலவே. ஆகவே ஒரு கட்டத்துக்குப் பிறகு அது மாறவே மாறாது. இங்கே மூன்றாம் உறுப்பிலேயே 2 வந்து நிலைத்துவிட்டது.

அது நிலைத்த பிறகு முதல் பதின்ம இலக்கத்தைப் பாருங்கள்: 2, 5, 7, 8… முழு எண் பகுதி மாறாத நிலையில் இந்த இலக்கமும் இறங்க முடியாது, இறங்கினால் எண்ணே இறங்கியதாகிவிடும். இருப்பதோ 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள். ஆகவே அதிகபட்சம் ஒன்பது தடவை மாறலாம், பிறகு அதுவும் நிலைக்கும். அது நிலைத்த பிறகு இரண்டாம் இலக்கம், அதன் பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றாக எல்லா இலக்கங்களும் நிலைத்துவிடும். நிலைத்த இலக்கங்களை வரிசையாக எழுதினால் கிடைக்கும் எண்ணை L என்போம். முதல் பத்து பதின்ம இலக்கங்கள் நிலைத்த பிறகு வரும் உறுப்புகளுக்கும் L-க்கும் அந்தப் பத்தும் பொது. இடையில் உள்ள தூரம் 10⁻¹⁰-ஐத் தாண்டாது. நூறு இலக்கம் பொருந்த வேண்டுமென்றாலும் சற்று மேலே போனால் கிடைக்கும். ஒருங்குவது என்பதன் பொருள் இதுதான். நம் வரிசையில் எல்லா இலக்கங்களும் கடைசியில் 9-ஆகி 2.999… என்று நிற்கும். அது 3-க்கு இன்னொரு பெயர். ஆனால் இப்போதைக்கு அதை நாம் நிறுவவில்லை. L இருக்கிறது, அது 3-ஐத் தாண்டாது என்பது வரைதான் கையில் இருக்கிறது.

இந்த நிரூபணம் ஓரிடத்தில்தான் மெய்யெண்களைச் சார்ந்து நிற்கிறது: முடிவில்லாத இலக்க வரிசை எதை எழுதினாலும் அது ஓர் எண் என்று எடுத்துக்கொண்டோம். விகிதமுறு எண்களுக்குள் மட்டும் இருந்தால் இது நடக்காது. 1, 1.4, 1.41, 1.414 என்று √2-ன் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் போங்கள். எல்லாம் பின்னங்கள், ஏறும் வரிசை, 2-ஐத் தாண்டாது. ஆனால் அது நெருங்கும் எண் பின்னங்களுக்குள் இல்லை. டெடிகிண்டு இதைத் தலைகீழாகவும் சொன்னார்: மெய்யெண்களிலிருந்து ஒரே ஓர் எண்ணை எடுத்துவிட்டாலும் இந்தத் தேற்றம் பொய்யாகிவிடும். எண்கோட்டில் ஓட்டை இல்லை என்பதும் இந்தத் தேற்றமும் ஒரே செய்திதான்.

வரம்பு உண்டா என்று பார்ப்பதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. ஏறும் படிகள் சிறுத்துக்கொண்டே வந்தால் வரிசை நின்றுவிடும் என்று பலர் நினைப்பதுண்டு. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்று கூட்டிப் பாருங்கள். படிகள் சிறுத்துச் சிறுத்து 0-ஐ நெருங்குகின்றன. 10-ஐத் தாண்ட 12,367 எண்களைக் கூட்ட வேண்டும், அவ்வளவு மெதுவாக ஏறுகிறது. ஆனாலும் அது நிற்பதில்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருநாள் தாண்டிவிடும். கால்குலேட்டரில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

முந்தைய உறுப்பிலிருந்து அடுத்ததைப் பிறப்பிக்கும் மீள்விதித் தொடர்வரிசைகளில்தான் இந்தத் தேற்றம் நேரடியாகக் கைகொடுக்கிறது. 289-க்குத் திரும்பும் முன் அதைவிட எளிய ஒன்றை முழுதாகச் செய்து பார்ப்போம். கால்குலேட்டரில் √2 போடுங்கள். வந்ததோடு 2 கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். மறுபடி 2 கூட்டி வர்க்கமூலம். விதி இதுதான்:

x₁ = √2,  xₙ₊₁ = √(2 + xₙ)

திரையில் 1.41421, 1.84776, 1.96157, 1.99037, 1.99759, 1.99940 என்று வரும். மாணவர்கள் பெரும்பாலும் எழுதும் விடை இது: எல்லை L என்றால் L = √(2 + L), ஆகவே L² − L − 2 = 0, ஆகவே L = 2. விடை சரி. ஆனால் முதல் வார்த்தையிலேயே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: எல்லை இருக்கிறது என்பது. அது எவ்வளவு ஆபத்தானது என்று பார்க்க விதியைச் சற்று மாற்றுங்கள். x₁ = 1, xₙ₊₁ = 1 + 2xₙ. வரிசை 1, 3, 7, 15, 31 என்று பாய்ந்து போகிறது. அதே முறையில் L = 1 + 2L என்று எழுதினால் L = −1. நேர் எண்களாகவே ஏறிப்போகும் வரிசைக்கு −1 எல்லையாம். இயற்கணிதத்தில் பிழையே இல்லை; இல்லாத ஒன்றுக்கு L என்று பெயர் வைத்ததுதான் பிழை.

ஆகவே முதலில் எல்லை உண்டு என்று காட்ட வேண்டும். வர்க்கமூல வரிசைக்கு அது இரண்டு வரிகள். வரம்பு: ஓர் உறுப்பு x, 2-ஐ விடச் சிறியது என்றால் 2 + x, 4-ஐ விடச் சிறியது, அதன் வர்க்கமூலம் 2-ஐ விடச் சிறியது. √2-ம் 2-ஐ விடச் சிறியது. ஒன்றுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி, ஆகவே எல்லாவற்றுக்கும் சரி. ஏற்றம்: x நேர் எண், 2-ஐ விடச் சிறியது என்பதால் x² < 2x = x + x < 2 + x. இருபுறமும் வர்க்கமூலம் எடுத்தால் x < √(2 + x). அதாவது அடுத்த உறுப்பு பெரியது. ஏறுகிறது, 2-ஐத் தாண்டவில்லை. தேற்றத்தின்படி L உண்டு. இனி L² = 2 + L என்று எழுதலாம்; அதற்கு உரிமை வந்துவிட்டது. தீர்வுகள் 2, −1. உறுப்புகள் எல்லாம் √2-க்குக் கீழே இறங்காததால் −1 தள்ளுபடி. L = 2.

தொடக்கத்தை மாற்றினால் திசை மாறும். 7-ல் தொடங்குங்கள்: 3, 2.23607, 2.05817, 2.01449… இப்போது வரிசை இறங்குகிறது, 2-க்குக் கீழே போவதில்லை. தேற்றம் இறங்கும் வரிசைக்கும் அப்படியே பொருந்தும். எல்லை அதே 2.

தேற்றம் சொல்லாத ஒன்றும் உண்டு: எவ்வளவு வேகத்தில் நெருங்கும் என்பது. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். இங்கே 4 − xₙ₊₁² = 2 − xₙ என்பதால், 2-க்கும் அடுத்த உறுப்புக்கும் உள்ள இடைவெளி, இப்போதைய இடைவெளியை (2 + xₙ₊₁)-ஆல் வகுத்தது. அந்த வகுக்கும் எண் 4-ஐ நெருங்குகிறது; ஆகவே ஒவ்வொரு படியிலும் இடைவெளி ஏறக்குறைய நாலில் ஒன்றாகிறது. 0.00963, 0.00241, 0.00060 என்று மேலே உள்ள எண்களிலேயே அதைக் காணலாம்.

இனி 289. எல்லை L உண்டு, அது 3-க்கு மேல் இல்லை. ஆகவே 4, 5, 100 எல்லாம் இப்போதே விழுந்துவிட்டன. மிச்சம் இருப்பது அது 3-ஐ விடக் குறைவாக எங்காவது நின்றுவிடுகிறதா என்பது. வெட்டும்போது என்ன இழக்கிறோம் என்று பார்ப்போம். உதாரணமாக, சரியான சமன்பாட்டில் கடைசியாக 10×12 இருக்கும் இடத்தில் 10×1 என்று வெட்டுகிறோம். அதாவது உள்ளே ஓர் எண்ணைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைக்கிறோம். வெளியே வரும்போது ஒவ்வொரு வர்க்கமூலமும் அந்தக் குறைப்பை மென்மையாக்குகிறது: உள்ளே 1/12 மடங்காகக் குறைத்தால், ஒரு வர்க்கமூலத்தைக் கடந்ததும் மதிப்பு 1/√12 மடங்குக்குக் கீழே போகாது. அடுத்த வர்க்கமூலத்தில் அதற்கும் வர்க்கமூலம். இப்படி ஒன்பது வர்க்கமூலங்களைக் கடந்து வெளியே வரும்போது 12-ன் அடுக்கு 1/512 ஆகிவிடுகிறது. கிடைக்கும் மதிப்பு 3-ஐ 12-ன் அந்த அடுக்கால் வகுத்ததைவிடக் குறையாது. அது சுமார் 2.985. இன்னும் பத்துப் படி உள்ளே போனால், கடைசி எண் 22-தான் ஆகியிருக்கும், வர்க்கமூலங்களோ பத்தொன்பது, கீழ்வரம்பு 2.9999-ஐத் தாண்டிவிடுகிறது. இடைவெளி 0-ஐ நோக்கிப் போகிறது. L = 3.

4-ல் தொடங்கியவருக்கு எங்கே கோளாறு என்பதும் இங்கேதான் தெரிகிறது. 3-ல் தொடங்கினால் உள்ளே இருக்கும் எண்கள் 4, 5, 6, 7 என்று ஒவ்வொன்றாக ஏறுகின்றன. 4-ல் தொடங்கினால் 7.5, 18.4, 84.5, 1429 என்று ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய தன் வர்க்கமாகப் பெருக்கெடுக்கின்றன. வர்க்கமூலங்கள் மென்மையாக்கும் வேகத்துக்கு ஈடாக உள்ளே வீக்கம் ஏறுவதால், வெட்டும்போது எறியும் பகுதி ஒருபோதும் புறக்கணிக்கத்தக்கதாக ஆவதில்லை. எவ்வளவு உள்ளே போய் வெட்டினாலும் 4-க்கும் வெட்டியதற்கும் இடையில் குறைந்தது 1 என்ற பள்ளம் இருந்துகொண்டேயிருக்கும்.

இந்த வீக்கம் எவ்வளவு இருந்தால் தாங்கும், எப்போது உடையும் என்ற கேள்வியை முழுமையாகத் தீர்த்தவர் தி. விஜயராகவன். ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் பயின்றவர். பின்னாளில் சென்னை ராமானுஜன் கணிதக் கழகத்தின் முதல் இயக்குநர். 1927-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ராமானுஜனின் கட்டுரைத் தொகுப்பின் குறிப்புகளில் அவருடைய முடிவு இடம்பெற்றிருக்கிறது. √(a₁ + √(a₂ + √(a₃ + …))) என்ற வடிவத்தில் எல்லா aₙ-ம் எதிர்மமல்லாத எண்களாக இருந்தால், அது ஒருங்குவதற்குத் தேவையானதும் போதுமானதும் ஒன்றே: ஏதோ ஒரு நிலையான C-க்கு, ஒவ்வொரு aₙ-ம் C-ன் 2ⁿ அடுக்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும் நம் தேற்றம் கையில் இருந்தால் நிரூபணம் சிறியது. வெட்டிய மதிப்புகள் இறங்குவதில்லை. ஆகவே ஒருங்குமா என்ற கேள்வி, வரம்பு உண்டா என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. வரம்பு B உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். n வர்க்கமூலங்களுக்குள் இருக்கும் aₙ-ஐ மட்டும் வைத்து மற்றவற்றை 0 ஆக்கினால் மதிப்பு குறையத்தான் செய்யும். எனவே aₙ-ன் 1/2ⁿ அடுக்கு B-ஐத் தாண்டாது. அதாவது aₙ, B-ன் 2ⁿ அடுக்கைத் தாண்டாது. மறுபக்கம், நிபந்தனை பொருந்தினால் ஒவ்வொரு aₙ-க்கும் பதிலாக C-ன் 2ⁿ அடுக்கையே வையுங்கள். C முழுவதுமாக வெளியே வந்துவிடும். உள்ளே மிஞ்சுவது √(1 + √(1 + √(1 + …))). அதுவும் ஏறும் வரிசை, 2-ஐத் தாண்டாது: x, 2-ஐ விடச் சிறியது என்றால் 1 + x, 3-ஐ விடச் சிறியது, அதன் வர்க்கமூலம் 2-ஐ விடச் சிறியது. ஆக மொத்தம் 2C-ஐத் தாண்டாது. வரம்பு கிடைத்துவிட்டது, ஒருங்குதலும் கிடைத்துவிட்டது.

இந்த அளவுகோலை √(1 + √(2 + √(3 + √(4 + …)))) என்பதில் வைத்துப் பாருங்கள். aₙ = n; அது 2-ன் 2ⁿ அடுக்கை எங்கேயும் எட்டாது. ஆகவே எல்லை நிச்சயம் உண்டு. ஒரு படி வெட்டினால் 1, அடுத்து 1.5538, அடுத்து 1.7123, அதற்கடுத்து 1.7488, இலக்கங்கள் 1.75793… என்று நிலைக்கின்றன. ராமானுஜனின் கேள்விக்கு 3 என்ற விடை இருந்ததுபோல இந்த எண்ணை எழுதிக்காட்ட எளிய சூத்திரம் எதுவும் இதுவரை அறியப்படவில்லை.